அம்மாவின் வகிட்டு நரை... போட்டோவில் 'ஹெல்மெட் முடி' வராமல் மறைப்பது எப்படி?

மூலக்கொத்தளம் பக்கம் போயிருக்கீங்களா? தாளமுத்து, நடராசன் நினைவிடம் இருக்கும் அந்த மயானத்தைச் சுற்றியுள்ள தெருச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் ஒட்டியிருக்கும். அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது முகங்களை விட்டுவிட்டு முடியை மட்டும் பாருங்க. சில படங்களில் நெற்றிக்கு மேலே ஒரே கறுப்பா, ஷூ பாலிஷ் தடவினமாதிரி ஒரு பட்டை தெரியும். வகிடு காணாமல் போயிருக்கும். எழுபது வயது முகத்துக்கு மேலே ஒரு ஹெல்மெட் உட்கார்ந்திருக்கும். அவசரத்தில், ராத்திரி ரெண்டு மணிக்கு, யாரோ ஒருத்தர் நரையை பிரஷ் வெச்சு கறுப்படிச்ச வேலை அது.

ஏன் கறுப்படிக்கச் சொல்றாங்க என்பதும் புரியக்கூடியதுதான். வருஷக்கணக்கா டை அடிச்ச அம்மா, கடைசி ரெண்டு மாசம் உடம்பு முடியாமல் படுத்துட்டாங்க. டை அடிக்க ஆள் இல்லை, அவங்களுக்கும் தோணலை. கடைசியா நல்லா சிரிச்சு எடுத்த படம் ஏதோ ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் எடுத்தது. அதில் வகிட்டின் ரெண்டு பக்கமும் வெள்ளையா ஒரு பட்டை. "எங்கம்மா இப்படி இருக்கமாட்டாங்க" என்று பிள்ளைகள் சொல்றாங்க. அந்தப் படம் சுவரில் ரெண்டு நாள் இருந்து கிழிந்துபோகும் போஸ்டர் மட்டும் இல்லை. ஹாலில் மாலை போட்டு முப்பது வருஷம் தொங்கப்போற படமும் அதுதான். சரியா செய்தால் அது அம்மா. தப்பா செய்தால், அம்மா மாதிரி இருக்கும் யாரோ.

அந்த ஒரு படத்தையே எடுத்துக்கிட்டு, முதலிலிருந்து கடைசிவரை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். உயிரோடு இருப்பவர்களின் அறுபதாம் கல்யாண ஆல்பத்துக்கும், உங்க சொந்த செல்ஃபிக்கும் இதே வழிதான்.

எந்த ஆப்?

மொபைல் மட்டும்தான் இருக்கு, நரையும் லேசாதான் இருக்கு என்றால் ஸ்னாப்சீட் போதும். Curves-ஐத் திறந்து கோட்டைக் கொஞ்சம் கீழே இழுத்து படத்தை இருட்டாக்குங்க. முகமும் சேர்ந்து இருட்டாகும், கவலைப்படாதீங்க. பிறகு எடிட் வரலாற்றில் View edits போய், அந்த Curves படியைத் தொட்டு, பிரஷ் படத்தைத் தேர்ந்தெடுத்தால், விரலால் தேய்க்கும் இடத்தில் மட்டும் அந்த இருட்டு வரும். நன்றாக ஜூம் செய்து, பிரஷ்ஷின் வீரியத்தை 25 அல்லது 50-க்குக் குறைத்து, நரை மேல் மட்டும் முடி போகும் திசையில் தேய்க்கணும். எவ்வளவு ஜூம் செய்றீங்களோ அவ்வளவு மெல்லிய பிரஷ் கிடைக்கும்.

ஆனால் நம்ம படத்தில் வகிட்டுத் தோலும் வெள்ளை முடியும் பின்னிக்கிடக்கு. அதை விரலால் பிரிக்க முடியாது. அதுக்கு போட்டோபீ நல்லது. photopea.com என்று பிரவுசரில் அடித்தாலே திறக்கும். இலவசம். போட்டோஷாப் மாதிரியே மெனுக்கள். படம் உங்க கருவியிலேயே இருக்கும், எங்கேயும் அப்லோடு ஆவதில்லை என்பது குடும்பப் படங்களுக்கு முக்கியமான வசதி. மொபைல் பிரவுசரிலும் திறக்கும்தான். ஆனாலும் இந்த வேலைக்கு ஒரு லேப்டாப்பும் மவுஸும் கடன் வாங்குங்க. போட்டோஷாப் வெச்சிருக்கிறவங்களுக்கும் கீழே சொல்லும் பெயர்கள் அப்படியே பொருந்தும்.

ஆரம்பிக்கும் முன் இன்னொன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமா வந்த படத்தில் வேலை செய்யாதீங்க. சுருங்கி வந்திருக்கும். எடுத்தவரிடம் ஒரிஜினலை Document ஆக அனுப்பச் சொல்லுங்க. முடி வேலையில் பாதி வெற்றி அதிலேயே இருக்கு.

நரையின் பிரச்னை நிறம் இல்லை... வெளிச்சம்

முதல் முறை முயற்சி செய்ற எல்லாரும் ஒரே காரியம்தான் செய்வாங்க. புது லேயர், கறுப்பு அல்லது பிரவுன் பெயின்ட், லேயரின் மோடை Color என்று மாற்றுவது. செய்து பார்த்தால் நரை மறையாது. பிரவுன் அடித்தால் வெளிறிய பிஸ்கெட் நிறம் வரும். கறுப்பு அடித்தால் ஒண்ணுமே நடக்காது. காரணம், Color மோடு நிறத்தை மட்டும் மாற்றும், வெளிச்சத்தைத் தொடாது. நரை முடியிலோ மாற்றுவதற்கு நிறமே இல்லை. முடிக்கு நிறம் தரும் மெலனின் இல்லாமல் போவதுதான் நரை. நிறமில்லாத அந்த இழை வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரியுது. ஆகவே நம்ம வேலை நிறம் பூசுவது இல்லை. வெளிச்சத்தை இறக்குவது.

அடுத்து எல்லாரும் போகும் இடம் Multiply மோடு. இதில் இருட்டாகும், ஆனால் ஹெல்மெட்டும் இதில்தான் பிறக்குது. ஒரு சின்னக் கணக்கு பார்த்தால் ஏன் என்று தெரிஞ்சிடும். படத்தில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்துக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண் உண்டு. 0 கறுப்பு, 255 வெள்ளை. நம்ம படத்தில் வெள்ளை இழை 185, வெள்ளையும் கறுப்பும் கலந்த இடம் 120, டை அடிச்ச பழைய முடி 40 என்று வெச்சுக்குவோம். Multiply-இல் 80 அளவுள்ள சாம்பல் நிறத்தைப் பூசினால், இந்த மூன்றும் 58, 38, 13 ஆகும். வெள்ளை இறங்கிடுச்சு, சரி. ஆனால் ஏற்கெனவே கறுப்பா இருந்த 40-உம் 13-க்கு விழுந்துடுச்சு. 13 என்பது பிரின்ட்டில் வெறும் கறுப்பு மசி. இழைக்கும் இழைக்கும் நடுவே நிழல் இருந்த இடமெல்லாம் அடைஞ்சுபோகும்.

நமக்கு வேண்டியது வெள்ளையை நிறைய இறக்கி, கறுப்பைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவைக்கும் கருவி. அது Curves. Layer மெனுவில் New Adjustment Layer, அதில் Curves எடுங்க. வரும் கோட்டில் நாலு புள்ளிகள் வைங்க: 40-ஐ 30-க்கு, 120-ஐ 45-க்கு, 185-ஐ 75-க்கு, வலது மேல் மூலையிலுள்ள 255-ஐ 130-க்கு. இப்போ வெள்ளை இழை 75, கலந்த இடம் 45, பழைய முடி 30. வரிசை மாறவில்லை. வெள்ளையா இருந்த இழை இப்போதும் பக்கத்து இழையைவிடக் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கு. அதைத்தான் நம்ம கண் 'முடியின் பளபளப்பு' என்று படிக்குது.

இந்த எண்களை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்க படத்தில் டை அடிச்ச முடியின் மேல் ஐடிராப்பரை வைத்துப் பாருங்க. வெளிச்சம் படும் இடத்தில் எவ்வளவு, நிழலில் எவ்வளவு என்று பார்த்து, வேர் அந்த ரெண்டுக்கும் நடுவே விழும்படி புள்ளிகளை வைங்க. கறுப்பு முடி என்று நாம சொல்வது படத்தில் 0 ஆக இருப்பதே இல்லை. பெரும்பாலும் 25-லிருந்து 60-க்குள் இருக்கும், பளபளப்பில் 90, 100 கூடத் தொடும். நடுமண்டையில் மேலிருந்து வெளிச்சம் விழும் என்பதால் வேர் மற்ற முடியைவிடச் சற்று வெளிச்சமா இருப்பதும் இயல்புதான்.

மாஸ்க்: நடுவில் தாராளம், ஓரத்தில் கஞ்சத்தனம்

இப்போ முழுப் படமும் இருட்டா இருக்கும். Curves லேயருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் இருக்குமே, அதுதான் மாஸ்க். வெள்ளையா இருக்கும் இடத்தில் இருட்டு தெரியும், கறுப்பா இருக்கும் இடத்தில் தெரியாது. ஸ்டென்சில் வைத்து சுவரில் எழுதுவார்களே, அதே கதைதான்.

முடியை இழை இழையா தேர்ந்தெடுக்கணும் என்று பயந்துதான் பலர் இந்த இடத்தில் கைவிடுறாங்க. தேவையே இல்லை. நம்ம Curves ஏற்கெனவே கறுப்பு முடியைக் காப்பாற்றிக்குது. அதனால் முடிக்குள்ளே, தோல் தெரியாத இடத்தில், பெரிய மெத்தென்ற பிரஷ்ஷால் தாராளமா வெள்ளை பூசலாம். தப்பா கறுப்பு முடி மேல் போனாலும் ஒண்ணும் ஆகாது. மாஸ்க்கின் உண்மையான வேலை ஓரங்களில்தான்: வகிடு, நெற்றியின் முடிக்கோடு, தலையில் வைத்த பூ, தலைக்கும் பின்னால் உள்ள சுவருக்கும் நடுவே.

வகிட்டை எடுத்துக்குவோம். அங்கே மண்டைத்தோலும் வெள்ளை முடியும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சத்தில் இருக்கும். சாதாரணமா பார்த்தால் கண்ணுக்கே பிரிச்சுப் பார்க்கக் கஷ்டம். ஆனால் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களால் ஆனது. நம்ம ஊர்த் தோலில் சிவப்பு அதிகம், நீலம் குறைவு. வெள்ளை முடியில் மூன்றும் கிட்டத்தட்ட சமம். உதாரணமா மண்டைத்தோல் சிவப்பில் 175, பச்சையில் 130, நீலத்தில் 105 என்று இருந்தால், வெள்ளை முடி 185, 182, 178 என்று இருக்கும். சிவப்பு சேனலில் ரெண்டுக்கும் வித்தியாசம் வெறும் 10. நீல சேனலில் 73! அதாவது நீல சேனலை மட்டும் தனியா பார்த்தால், வகிட்டுத் தோல் கறுத்து, வெள்ளை இழைகள் ஒவ்வொன்றும் பளிச்சென்று பிரிந்து நிற்கும். மாஸ்க்கை நாம வரையத் தேவையில்லை, படமே வரைந்து வெச்சிருக்கு.

வகிட்டில் குங்குமம் வைத்திருந்தால் இன்னும் நல்லது. குங்குமத்தில் நீலம் மிகக் குறைவு, அதனால் தானாகவே தப்பிச்சிடும்.

செய்முறை இதுதான். இப்போது போட்ட Curves லேயரை நீக்கிவிடாமல் மறைத்து வைங்க. Window மெனுவில் Channels திறந்து, Ctrl அழுத்திக்கொண்டு Blue-வின் சின்னப் படத்தை கிளிக் செய்யுங்க. எறும்பு ஊர்வதுமாதிரி ஒரு கோடு வரும், அது தேர்வு. பிறகு Layers-க்குத் திரும்பி, அந்த Curves லேயரின் பழைய மாஸ்க்கை நீக்கிவிட்டு, லேயரைக் காட்டச் செய்து, புது மாஸ்க் சேருங்க. நீல சேனலே மாஸ்க்காக உட்கார்ந்துகொள்ளும்.

Alt அழுத்திக்கொண்டு மாஸ்க்கை கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையில் தெரியும். இப்போ Image மெனுவில் Adjustments, அதில் Levels. இடது முக்கோணத்தை 105-க்கும், வலது முக்கோணத்தை 130-க்கும் கொண்டுவாங்க. 105-க்குக் கீழே இருப்பது, அதாவது தோல், முழுக் கறுப்பாகும். 130-க்கு மேலே இருக்கும் இழைகள் முழு வெள்ளையாகும். இங்கேயும் எண்ணைவிட கண்தான் முக்கியம். படத்துக்குத் திரும்பிப் பார்க்கும்போது வகிடு அழுக்கு படிந்தமாதிரி கறுத்திருந்தால் இடது முக்கோணம் இன்னும் வலப்பக்கம் போகணும். வகிட்டை ஒட்டி வெள்ளை இழைகள் விட்டுப்போயிருந்தால் ரெண்டு முக்கோணத்தையும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்க.

ட்யூப்லைட் வெளிச்சத்திலோ, ஜன்னல் பக்கம் நிழலிலோ எடுத்த படத்தில் எல்லாமே நீலம் தட்டியிருக்கும். அப்போ தோலுக்கும் முடிக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளி குறையும். அப்படி இருந்தால் முதலில் படத்தின் நிறத்தைச் சரிசெய்துட்டு, பிறகு சேனலை எடுங்க. ஃபிளாஷ் அடித்து மண்டைத்தோல் எண்ணெய்ப் பளபளப்பில் வெள்ளையா மின்னினால், அந்தப் புள்ளிகளை மட்டும் சின்ன பிரஷ்ஷால் கறுப்படித்து விலக்கணும்.

மாஸ்க்கைப் பார்த்தால் முடி மட்டும் இல்லை, பின்னால் உள்ள சுவர், புடவை ஜரிகை, கண்ணின் வெள்ளை, பல் என்று எல்லாமே வெள்ளையா இருக்கும். பெரிய பிரஷ்ஷில் கறுப்பு எடுத்து முகம், உடம்பு, பின்புலம் எல்லாத்தையும் அடிச்சுத் தள்ளுங்க. பத்து நொடி வேலை. மல்லிகைப்பூவை மறந்துடாதீங்க. அது வெள்ளை முடியைவிட வெள்ளை, நீல சேனல் அதை ஆசையா பிடிச்சு வெச்சிருக்கும். பூவை விடாமல் மாஸ்க்கில் கறுப்படிக்கலைன்னா, அம்மா தலையில் வாடிப்போன சரம் தொங்கும்.

அப்புறம் முன்னாடி சொன்ன தாராளம். வகிட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, தோல் தெரியாத பகுதி முழுக்க வெள்ளை பிரஷ்ஷால் மாஸ்க்கில் பூசி நிரப்புங்க. வகிட்டை ஒட்டிய மெல்லிய பட்டையிலும் நெற்றி ஓரத்திலும் மட்டும் கை வைக்காதீங்க, அங்கே நீல சேனல் செய்த வேலையே இருக்கட்டும்.

தலையின் வெளி ஓரம்தான் ஏமாற்றும் இடம். வெளிர் சுவருக்கு முன்னால் பறக்கும் வெள்ளை முடியும் சுவரும் நீல சேனலில் ஒரே மாதிரிதான் இருக்கும். அதை மாஸ்க்கால் பிடிக்கப் போனால், தலையைச் சுற்றிப் புகை படிந்தமாதிரி ஒரு வளையம் வரும். அங்கே மாஸ்க்கை முடிக்குள்ளேயே நிறுத்திக்குங்க. வெளியே பறக்கும் ஒன்றிரண்டு இழைகளை அடுத்து கையால் வரைஞ்சுக்கலாம்.

நிறம் இப்போதுதான்

வெளிச்சம் இறங்கியபின் பார்த்தால் வேர் சற்று சிமென்ட் நிறமா, பழைய முடியோடு ஒட்டாமல் தெரியலாம். டை அடிச்ச முடி வெறும் கறுப்பு இல்லை. சிலருக்கு நீலம் தட்டும், மருதாணி போட்டவர்களுக்குச் செம்மை தட்டும், வெயிலில் போய்வருபவர்களுக்கு நுனி பழுப்பாகும். புது லேயர் ஒன்று வைத்து, மோடை Color ஆக்கி, காதுக்குப் பக்கத்து முடியிலிருந்து ஐடிராப்பரால் நிறம் எடுத்து, லேயரின் Opacity-ஐ 30, 40 அளவுக்கு வைத்து வேர் மேல் பூசுங்க. தொடக்கத்தில் உதவாத அதே Color மோடு இப்போ உதவுது. வெளிச்சம் ஏற்கெனவே சரியாயிடுச்சே, பாக்கி இருப்பது நிறம் மட்டும்தான். நிறம் வகிட்டுத் தோலில் வழியாமல் இருக்க, Curves-இன் மாஸ்க்கை Alt அழுத்தி இழுத்து இந்த லேயர் மேலும் போட்டுக்கலாம்.

முடியின் நிறத்தையே மாற்றுவதும், அதாவது கறுப்பை பர்கண்டியோ பிரவுனோ ஆக்குவதும், இதே கதையின் தலைகீழ். கறுப்பில் Color மோடு தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே வெளிச்சமே இல்லை. முதலில் Curves-இல் வெளிச்சத்தை ஏற்றணும், பிறகுதான் நிறம். ஆனால் மொபைல் படத்தின் கறுப்பை ரொம்ப ஏற்றினால் அதற்குள் ஒளிந்திருக்கும் புள்ளிப்புள்ளி இரைச்சல் வெளியே வந்துடும். ஆக கறுப்பு முடியை ரெண்டு படி வெளிச்சமாக்கி அடர்பிரவுன் ஆக்குவது நம்பும்படி வரும். பிளாண்ட் ஆக்கினால் விக் வைத்தமாதிரிதான் இருக்கும்.

இழைகள்

மனித முடியின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். நம்ம படம் 3000-க்கு 4000 புள்ளி, அதில் அம்மாவின் தலை அகலம் 900 புள்ளி என்று வைங்க. உண்மையில் தலை அகலம் சுமார் 15 சென்டிமீட்டர். அப்போ ஒரு சென்டிமீட்டருக்கு 60 புள்ளி. ஒரு முடி அரைப் புள்ளி அளவுகூட வராது. அதாவது படத்தில் நீங்க 'ஒரு முடி' என்று பார்ப்பது உண்மையில் அஞ்சாறு முடி சேர்ந்த ஒரு கற்றை. அதனால் எத்தனை முடி என்று எண்ணி வரையத் தேவையில்லை. 2 அல்லது 3 புள்ளி அகலமுள்ள கோடு போதும். இதே கணக்கில், முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால், ரெண்டு மாசம் டை அடிக்காத வேர் 120 புள்ளி அகலத்துக்கு வெள்ளையா தெரியும். நம்ம கைவேலை முழுக்க அந்தப் பட்டைக்குள்ளேதான்.

புது லேயர், சாதாரண மோடு. பிரஷ் 2 அல்லது 3 புள்ளி, ஓரம் ரொம்பக் கூர்மையும் வேண்டாம், ரொம்ப மெத்தும் வேண்டாம். நிறத்தைப் பட்டியலிலிருந்து எடுக்காதீங்க, படத்திலிருந்தே எடுங்க: நிழலில் ஒன்று, நடுத்தரம் ஒன்று, பளபளப்பில் ஒன்று. வகிட்டில் ஆரம்பிச்சு, சீப்பு போன திசையில், டை அடிச்ச பகுதிக்குள் போய் முடியுமாறு கோடு இழுங்க. முக்கியம் அந்தக் கடைசிப் பகுதிதான். வேரும் பழைய முடியும் சேரும் இடத்தில் ஒரு எல்லைக்கோடு தெரிந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். இழைகள் அந்த எல்லையைத் தாண்டிப் போகும்போது கோடு கரைஞ்சிடும். ஒவ்வொரு கோடும் ஒரே நீளமா இருக்கக்கூடாது, ஒன்றை ஒன்று தொட்டும் குறுக்கே லேசா சாய்ந்தும் போகட்டும். நிறத்தைப் பத்துக் கோட்டுக்கு ஒருமுறை மாற்றுங்க. மொத்தம் நாற்பது, ஐம்பது கோடு போட்டால் அதிகம். அதுக்கு மேல் போனால் தலை துடைப்பம்போல் ஆகும்.

வகிட்டில் மட்டும் ஒன்று. முடி வகிட்டை மூடிக்கிட்டு ஆரம்பிப்பதில்லை, அதன் ஓரத்திலிருந்து கிளம்புது. கோட்டின் தொடக்கம் மெலிசா, தோல் மேல் ஆங்காங்கே ஒரு புள்ளி தள்ளித்தள்ளி இருக்கட்டும். எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் தொடங்கினால் தையல் போட்டமாதிரி தெரியும்.

வரைந்த கோடுகள் படத்தைவிடச் சுத்தமா இருப்பது இன்னொரு தொல்லை. மொபைல் படம் எதுவும் அவ்வளவு சுத்தம் கிடையாது. Filter மெனுவில் Noise, அதில் Add Noise எடுத்து, ஒரே நிறத்துக்கான Monochromatic தேர்ந்தெடுத்து, 2 அல்லது 3 சதவீதம் அந்த லேயரில் மட்டும் போட்டால் ஒட்டிக்கொள்ளும். மாறாக, படத்தில் நடுமண்டையே ஃபோகஸ் இல்லாமல் மங்கலா இருந்தால் இழையே வரையாதீங்க. மங்கல் நடுவே கூர்மையான முடி இருப்பதைவிடப் பெரிய காட்டிக்கொடுப்பு கிடையாது.

பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்த வசதியெல்லாம் இல்லை. ஃபிலிம் நெகட்டிவில் பென்சிலால் தொட்டால் பிரின்ட்டில் அந்த இடம் வெளுக்கும். முகச் சுருக்கம், கண்ணுக்குக் கீழ் கருவளையம் எல்லாம் அப்படித்தான் மறைச்சாங்க. நரைக்கு அது உதவாது, அங்கே வேண்டியது கறுப்பு. அதுக்கு நெகட்டிவின் மேல்பூச்சைக் கத்தியால் நோகாமல் சுரண்டணும், அல்லது பிரின்ட் மேலேயே மெல்லிய தூரிகையால் இழை இழையா மை தொடணும். தப்பினால் Ctrl+Z இல்லை.

எவ்வளவு நரையை விடலாம்?

என் கருத்து: கொஞ்சம் விட்டுவைங்க. Curves லேயரின் Opacity-ஐ 100-லிருந்து 85-க்கு இறக்கினாலே பல படங்களில் உயிர் வந்துடும். காதோரம் நாலு இழை வெள்ளையா இருந்தால் யாரும் அதை நரை என்று பார்ப்பதில்லை, பழகிய முகம் என்றுதான் பார்க்கிறாங்க. புருவம் நரைத்திருக்க, தலை மட்டும் காக்காக் கறுப்பா இருப்பதுதான் உறுத்தும். அப்பாக்கள் படத்தில் மீசைக்கும் இதே விதி.

அம்மா கடைசிவரை டையே அடிச்சதில்லை, இது பிள்ளைகளின் ஆசை மட்டும்தான் என்றால் அது வேறு விஷயம். வீட்டில் ஒரு முறை எல்லாரும் உட்கார்ந்து பேசிடுங்க. ஹாலில் தொங்கும் படத்தைப் பற்றி அத்தைகளுக்குக் கட்டாயம் ஒரு கருத்து இருக்கும்!

பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கும் படத்தில் மட்டும் இந்த வேலையே வேண்டாம். மென்பொருளால் திருத்திய படம் அங்கே செல்லாது.

கொடுப்பதற்கு முன்...

ஒரு மணி நேரம் ஒரே படத்தை உற்றுப் பார்த்தபின் உங்க கண் எதையும் நம்பிடும். படத்தை இடவலமா திருப்பிப் பாருங்க, வேறு ஆள் மாதிரி தெரியும். ஹெல்மெட் இருந்தால் அப்போ மாட்டிக்கும். அடுத்து, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்க. வகிடு ஒரு கோடா தெரியணும். தெரியாவிட்டால் மண்டைத்தோலைத் தின்னுட்டீங்க என்று அர்த்தம், மாஸ்க்குக்குத் திரும்புங்க. மூன்றாவதா, எடிட் செய்யாத படத்தையும் இதையும் அம்மாவை நன்றாகத் தெரிந்த, ஆனால் நீங்க என்ன செஞ்சீங்க என்று தெரியாத ஒருத்தரிடம் காட்டுங்க. 'முடி நல்லா இருக்கே' என்று அவர் சொன்னால் இன்னும் வேலை இருக்கு. முடியைப் பற்றி அவர் ஒண்ணுமே சொல்லாவிட்டால் முடிஞ்சது.

பிரின்ட்டில் இருட்டான இடங்கள் திரையில் தெரிவதைவிட இன்னும் அடைஞ்சு வரும், ஃபிளெக்ஸில் இன்னும் மோசம். முடியின் மிகக் கறுப்பான இடம் 20-க்குக் கீழே போகாமல் பார்த்துக்குங்க. ஃபிரேம் போட பெரிய பிரின்ட் கொடுக்கும் முன், தலைப்பகுதியை மட்டும் வெட்டி ஒரு சின்ன பிரின்ட் போட்டுப் பாருங்க. செலவு சில ரூபாய்தான். லேயர்களோடு ஃபைலை PSD ஆக சேமித்து வைங்க. பத்தாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போதோ, முதலாண்டு நினைவஞ்சலி விளம்பரத்துக்கோ இதே படத்தை மறுபடி கேட்பாங்க. அப்போ "கொஞ்சம் நரை இருக்கட்டும்ப்பா" என்று யாராவது சொன்னால், Curves லேயரின் Opacity-ஐ நகர்த்தினால் போதும்.